"வித்தியாசம் தெரியவில்லை" என்று முடித்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு மார்க்?

கேள்வி: மேலூர் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். அறிவியல் கண்காட்சி புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளைத் திருத்தும் வேலை இந்த வருஷம் என் தலையில் விழுந்திருக்கிறது. கேள்வி, செய்முறை, தரவு, முடிவு என்று நான்கு தலைப்பு, மொத்தம் 20 மார்க். ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பேர் மண்பானையைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள். ஒன்று கலர் பிரிண்ட், முடிவும் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறது. இன்னொன்று கையெழுத்து, அடித்தல் திருத்தல், கடைசியில் "நான் நினைத்த மாதிரி வரவில்லை" என்று முடிகிறது. பக்கங்களைப் படம் எடுத்துச் சேர்த்திருக்கிறேன். இரண்டாவதுக்கு எப்படி மார்க் போடுவது?

பதில்: டீச்சர், இரண்டையும் உட்கார்ந்து படித்தேன். நானாக இருந்தால் கையெழுத்து ரிப்போர்ட்டுக்கு 17, கலர் பிரிண்டுக்கு 5 போடுவேன். ஏன் இவ்வளவு இடைவெளி என்று யாராவது கேட்டால் நீங்கள் பதில் சொல்ல முடிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 20-ஐப் பிரித்துக்கொள்வோம். கேள்விக்கு 3, செய்முறைக்கு 6, தரவுக்கு 6, முடிவுக்கு 5. அட்டை, படம், தெர்மாகோல் மாடல் எதற்கும் இதில் இடம் கிடையாது, அதற்கெல்லாம் ஸ்டாலில் தனியாக மார்க் போட்டுக்கொள்ளட்டும். பிரித்த பிறகு ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்காதீர்கள். கேள்வியைப் படியுங்கள், உடனே கடைசிப் பக்கத்துக்குப் போய் முடிவைப் படியுங்கள், அப்புறம் அட்டவணைக்கு வாருங்கள். முடிவு அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கிறதா, அந்த அட்டவணையிலிருந்துதான் வந்திருக்கிறதா, இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் திருத்துகிற வேலையில் பாதி முடிந்தது. முடிவு பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நம் வேலை இல்லை. அந்தப் பிள்ளை எடுத்த அளவுகளோடு ஒத்துப்போகிறதா என்பதற்குத்தான் மார்க்.

கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கலர் பிரிண்டில் "மண்பானை நீரின் மகத்துவம்" என்று இருக்கிறது. அது தலைப்பு, கேள்வி இல்லை. எதை அளந்தால் அதற்குப் பதில் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், ஒன்றும் வராது. உள்ளே ஓரிடத்தில் "எதில் நீர் அதிகம் குளிரும்" என்று ஒரு வரி வருவதால் 1 கொடுக்கலாம். கையெழுத்தில் எழுதிய மாணவி, "எங்கள் வீட்டில் மூன்று வருஷமாக இருக்கிற பானையைவிட, புதிதாக வாங்கிய மானாமதுரைப் பானை நீரை அதிகம் குளிர்விக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். போர் தண்ணீரில் இருக்கிற உப்பு பானையின் நுண்துளைகளை அடைத்திருக்கும், அதனால் புதுப் பானையே ஜெயிக்கும் என்று தன் ஊகத்தையும் காரணத்தோடு முன்கூட்டியே எழுதிவிட்டாள். ஒப்பிட இரண்டு பொருள், அளக்க ஒரு அளவு, தப்பாகிப்போகக் கூடிய ஒரு ஊகம். 3-க்கு 3.

செய்முறையைத் திருத்த, பானை எப்படிக் குளிர்விக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த விவரம் முக்கியம், எது சும்மா எழுதியது என்று பிரிக்க முடியாது. பானைச் சுவரின் நுண்துளை வழியாக நீர் கசிந்து வெளிப்பக்கம் வந்து ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும், ஒரு கிராம் நீருக்குத் தோராயமாக 2,400 ஜூல், அதைப் பானையிலும் உள்ளே இருக்கிற நீரிலும் இருந்துதான் எடுக்கிறது. ஆகவே ஆவியாவதை மாற்றுகிற எதுவும் முடிவை மாற்றும். காற்றோட்டம், காற்றின் ஈரப்பதம், வெயில், பானையின் அளவு, எவ்வளவு நேரம் வைத்தார்கள், மூடி இருந்ததா, எல்லாமே இதில் சேரும்.

இந்த மாணவி மூன்று பாத்திரம் வைத்திருக்கிறாள், புதுப் பானை, பழைய பானை, ஒப்பீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம். மூன்றிலும் 5 லிட்டர், ஒரே தொட்டித் தண்ணீர், காலை 8 மணிக்கு ஊற்றி மாலை 4 மணிக்கு அளவு. மூன்றும் திண்ணை நிழலில் செங்கல் மேல், ஒரே மாதிரித் தட்டால் மூடி. இதில் செங்கலை நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். நம் வீடுகளில் பானையை ஈர மணல் பரப்பி அதன் மேல் வைப்பார்கள், குடத்தைத் தரையில் வைப்பார்கள். அப்படியே வைத்திருந்தால் குளிர்ந்தது மண்ணாலா மணலாலா என்று சொல்ல முடியாது. அவள் அதை யோசித்திருக்கிறாள். புதுப் பானையை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்ததாகவும் எழுதியிருக்கிறாள், அதுவும் நல்ல விவரம், ஏனென்றால் காய்ந்த பானை முதலில் நீரைத் தானே குடித்துக்கொள்ளும்.

பிறகு எங்கே 2 மார்க் போகிறது? ஒன்று, புதுசு ஒரே ஒரு பானை, பழசும் ஒரே ஒரு பானை. நாலு நாள் அளந்தாலும் அது அதே இரண்டு பானைகள்தான். ஒன்று தடிமனாகவோ, வாய் அகலமாகவோ, வேறு சூளையில் வெந்ததாகவோ இருந்தால், வித்தியாசம் வயதால் வந்ததா வடிவத்தால் வந்ததா என்று பிரிக்க வழியில்லை. குறைந்தபட்சம் இரண்டின் சுற்றளவையாவது எழுதியிருக்கலாம். இரண்டு, அவள் பயன்படுத்தியது இரண்டு தெர்மாமீட்டர்கள். இரண்டையும் ஒரே நீரில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பார்த்ததாக எங்கேயும் இல்லை. பள்ளி ஆய்வக தெர்மாமீட்டர்களில் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரி வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம், இந்தச் சோதனையில் தேடுகிற வித்தியாசமே அவ்வளவுதான். 6-க்கு 4.

கலர் பிரிண்டில் செய்முறை நாலே வரி. "மூன்று பாத்திரங்களில் நீர் ஊற்றி வைத்தோம், வெப்பநிலையைக் குறித்தோம்." எவ்வளவு நீர், எங்கே, எத்தனை மணிக்கு, ஒன்றும் இல்லை. நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன்: இந்தப் பக்கத்தை மட்டும் வேறொரு பிள்ளையிடம் கொடுத்தால் அது கேள்வி கேட்காமல் செய்துவிட முடியுமா? முடியாது என்றால் பாதிக்கு மேல் போடக் கூடாது. மூன்று வகைப் பாத்திரத்தை ஒப்பிட்ட யோசனைக்காக 2.

தரவுக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மாணவியின் அட்டவணை இது, எல்லாம் மாலை 4 மணி, டிகிரி செல்சியஸ்:

| நாள் | காற்று | எவர்சில்வர் | பழைய பானை | புதுப் பானை |
|---|---|---|---|---|
| 1 | 35 | 33 | 29 | 28 |
| 2 | 36 | 34 | 27 | 28 |
| 3 | 35 | 33 | 28 | 27 |
| 4 (மதியம் மழை) | 30 | 31 | 29 | 29 |

பார்த்தவுடன் நம்பிக்கை வருகிறதா இல்லையா? எண்கள் கொஞ்சம் ஏறி இறங்குகின்றன. இரண்டாம் நாள் அவள் ஊகத்துக்கு எதிராகப் பழைய பானை முந்துகிறது. எல்லாம் முழு எண்கள், ஏனென்றால் அவள் கையில் இருந்தது ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட, −10 முதல் 110 வரை இருக்கிற சாதாரண ஆய்வக தெர்மாமீட்டர். அதில் கண்ணால் அரை டிகிரி வரை மதிப்பிடலாம், அதற்கு மேல் முடியாது. மூன்றாம் நாள் ஒரு எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் "கையில் எடுத்துப் பார்த்ததால் ஏறிவிட்டது, மறுபடி நீருக்குள் வைத்தே பார்த்தேன்" என்று குறித்திருக்கிறாள். நிறையப் பேர் இந்த அடித்தலுக்கு மார்க் குறைப்பார்கள். நான் இதற்குத்தான் மார்க் கொடுப்பேன், ஒயிட்னர் பூசியிருந்தால்தான் யோசிப்பேன்.

நாலாம் நாளைப் பாருங்கள். மழை பெய்தது, காற்றில் ஈரம் ஏறியது, ஆவியாதல் மந்தமாகிவிட்டது, குடத்துக்கும் பானைக்கும் இடைவெளி 5, 6 டிகிரியிலிருந்து 2 ஆகச் சுருங்கிவிட்டது. வெளிக் காற்று சட்டென்று குளிர்ந்தும் குடத்து நீர் 31-லேயே நிற்பதும் சரிதான், 5 லிட்டர் நீர் அவ்வளவு வேகமாகச் சூடு இறங்காது. இந்த நாளைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டிருந்தால் அட்டவணை இன்னும் அழகாக இருந்திருக்கும், ஆனால் தரவில் பாதி மார்க் போயிருக்கும். அவள் வைத்துக்கொண்டாள், மழை என்று குறித்தாள், சராசரியில் சேர்க்காமல் தனியாகச் சொன்னாள். நாட்களைத் தேர்ந்தெடுப்பது தப்பில்லை, எதை ஏன் விட்டேன் என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு. ஆரம்ப வெப்பநிலையை இரண்டு நாள் மட்டும் எழுதி மற்ற இரண்டு நாள் விட்டிருப்பதால் 1 குறைத்து, 6-க்கு 5.

கலர் பிரிண்டின் தரவு வேறு மாதிரி. காற்று 36, மண்பானை மூன்று நாளும் முறையே 18.25, 18.25, 18.50. இதை எப்படிச் சோதிப்பது என்று மூன்று வழி சொல்கிறேன், மூன்றுக்கும் ஆய்வகம் தேவையில்லை.

முதலாவது, கருவி. ரிப்போர்ட்டின் மூன்றாம் பக்கப் படத்தில் இருப்பது காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர். பாதரச வகை என்றால் அதன் அளவுகோலே 35-லிருந்து 42 வரைதான். டிஜிட்டல் வகை என்றால் அவ்வளவு குறைந்த சூட்டில் பெரும்பாலும் Lo என்றுதான் காட்டும். அதில் 18 வாசிக்கவே முடியாது. கால் டிகிரியும் வாசிக்க முடியாது.

இரண்டாவது, இயற்கை விதிக்கிற எல்லை. ஆவியாதலால் எவ்வளவு குளிர முடியும் என்பதற்கு ஒரு தரை இருக்கிறது. தெர்மாமீட்டரின் குமிழைச் சுற்றி நனைந்த பருத்தித் துணியைக் கட்டி, விசிறிக்கு முன்னால் சில நிமிடம் பிடியுங்கள். அது இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்ணுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். பகலில் நிழலில் வைத்த பானை நீர் அதற்குக் கீழே போகாது, வழக்கமாக ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நின்றுவிடும். காற்று 36 டிகிரி, ஈரப்பதம் 45 சதவீதம் என்று வைத்தால் அந்தத் தரை சுமார் 26. மாணவியின் 27, 28 அதற்குச் சரியாக மேலே உட்கார்ந்திருக்கிறது. 18 வர வேண்டுமானால் காற்று பாலைவனம் மாதிரிக் காய்ந்திருக்க வேண்டும், ஈரப்பதம் பத்து சதவீதத்துக்குப் பக்கத்தில். நம் ஊர் சித்திரை வெயிலிலும் அது நடக்கிற காரியம் இல்லை.

மூன்றாவது, நீரின் கணக்கு. நீங்கள் கணக்கு டீச்சர், இது உங்களுக்குப் பிடிக்கும். பானை நீர் குடத்து நீரைவிட 5 டிகிரி குறைவு என்றால், 5 லிட்டருக்கு 5 × 4.2 × 5, அதாவது 105 கிலோஜூல் போயிருக்க வேண்டும். அதை 2,400-ஆல் வகுத்தால் 0.044 கிலோ, சுமார் 45 மில்லி நீர். வெளியிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே போகும். மாணவி மாலையில் மிச்ச நீரை அளந்து பானைகளில் 200 மில்லிக்கு மேல் குறைந்ததாக எழுதியிருக்கிறாள், பொருந்துகிறது. கலர் பிரிண்டில் "18 டிகிரிக்கு வந்தது, நீர் சிறிதும் குறையவில்லை" என்று பெருமையாகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. அட்டவணை என்று ஒன்றைப் போட்டு அலகும் எழுதியதற்கு 1, அவ்வளவுதான்.

இப்போது முடிவு. மழை இல்லாத மூன்று நாளுக்கு மாணவியின் சராசரி, புதுப் பானை 27.7, பழைய பானை 28.0. வித்தியாசம் 0.3. இதைப் பார்த்து "புதுப் பானையே சிறந்தது என நிரூபிக்கப்பட்டது" என்று அவள் எழுதியிருந்தால் பல பேர் முழு மார்க் போட்டிருப்பார்கள். ஆனால் தெர்மாமீட்டரில் ஒரு கோடு ஒரு டிகிரி. பழைய பானையே நாளுக்கு நாள் 27-லிருந்து 29 வரை ஆடுகிறது. ஒரு நாள் பழையது முந்துகிறது. இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவில் 0.3 ஒன்றையும் சொல்லாது. அவள் எழுதியது இது:

"இரண்டு பானையும் எவர்சில்வரைவிட நன்றாகக் குளிர்வித்தன. ஆனால் புதுசுக்கும் பழசுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. நான் நினைத்த மாதிரி வரவில்லை. இரண்டு பானைகளை மட்டும்தான் பார்த்தேன், வேறு பானைகளில் எப்படி என்று சொல்ல முடியாது."

இதற்கு 5-க்கு 5. தரவு எதைத் தாங்குகிறதோ அதைத் துணிந்து சொல்கிறாள், இடைவெளி ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாக வந்ததால் எவர்சில்வர் விஷயத்தில் தயங்கவில்லை. தாங்காததைச் சொல்லவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்றும் தெரிந்திருக்கிறது. "வித்தியாசம் இல்லை" என்று எழுதாமல் "தெரியவில்லை" என்று எழுதியதையும் கவனியுங்கள், ஒரு டிகிரி தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு அதற்கு மேல் சொல்ல முடியாது. உப்பு துளையை அடைக்கும் என்ற அவள் காரணம் தப்பு என்றும் இந்தத் தரவு காட்டவில்லை, அந்த வீட்டுப் பானையில் மூன்று வருஷத்தில் அவ்வளவு அடைக்காமலும் இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரே பானை என்ற குறைக்குச் செய்முறையில் ஏற்கெனவே குறைத்துவிட்டோம். அதே குறைக்கு முடிவிலும் மறுபடி வெட்டாதீர்கள். செய்முறையில் விட்டதை முடிவில் அவளே ஒத்துக்கொண்டாள் என்றால் முடிவில் அது அவளுக்கு வரவு. மாறாக, ஒரே பானையை வைத்து "எல்லா மண்பானைகளும்" என்று எழுதியிருந்தால் அது புதுத் தப்பு, அப்போது முடிவில் தாராளமாக வெட்டலாம்.

கலர் பிரிண்டின் முடிவு, "மண்பானை நீர் மற்ற பாத்திரங்களைவிடக் குளிர்ச்சியானது, காரத்தன்மை கொண்டது, செரிமானக் கோளாறு முதல் சர்க்கரை வரை தீர்க்கும்." முதல் பகுதி சரிதான், புத்தகத்திலும் இருக்கிறது. காரத்தன்மையை அவர்கள் அளக்கவே இல்லை, ஒரு லிட்மஸ் தாள்கூடக் காட்டவில்லை. சர்க்கரைக்குச் சோதனை எங்கே நடந்தது? ஒரு வாக்கியமாவது கேள்விக்குப் பதில் சொல்வதால் 1. அளக்காத ஒவ்வொரு கூற்றையும் பேனாவால் அடிக்கோடிட்டு "இது எந்த அட்டவணையிலிருந்து?" என்று ஓரத்தில் எழுதுங்கள், பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஆக 3+4+5+5, 1+2+1+1. கூட்டல் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த 5 மார்க்கை எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். ரிப்போர்ட்டில் "பொய்த் தரவு" என்று எழுதிவிடாதீர்கள். கடையில் டைப் அடித்தவர் எண்ணை மாற்றியிருக்கலாம், அண்ணனோ மாமாவோ இணையத்தில் பார்த்துச் சேர்த்திருக்கலாம், பையன் உண்மையிலேயே 28 என்று அளந்து அது ரொம்பக் குறைவான வித்தியாசமாகத் தோன்றியதால் பயந்துபோய் மாற்றியிருக்கலாம். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, அளவு எழுதின ரஃப் நோட்டைக் கொண்டு வா" என்று மட்டும் கேளுங்கள். நோட்டு இருந்து அதில் வேறு எண்கள் இருந்தால், அந்த நோட்டையே தரவாக எடுத்துத் திருத்துங்கள், அவன் 5 தாண்டி 8, 9-க்கு வந்துவிடலாம். நோட்டு இல்லை என்றால் ஆய்வக தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்து, ஸ்டாஃப் ரூம் பானை நீரின் வெப்பநிலையை வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்தவன் 27 என்பான் அல்லது 28 என்பான், சொல்லிவிட்டுத் தன் ரிப்போர்ட்டைத் தானே ஒரு தடவை திரும்பிப் பார்ப்பான். கண்காட்சிக்கு இன்னும் நாள் இருந்தால் மூன்று நாள் அவகாசம் கொடுத்து மறுபடி அளந்து வரச் சொல்லலாம், இல்லாவிட்டால் தரவுக்கு அந்த 1 மார்க் அப்படியே நிற்கட்டும்.